வீட்டுக் கடனோடு வந்த இன்சூரன்ஸ்: வைத்துக்கொள்வதா, திருப்பிக் கொடுப்பதா?

வீட்டுக் கடன் வாங்கும்போது கையெழுத்துப் போடும் காகிதங்களில் ஒன்று, கடன் காப்பீட்டுக்கான ஒப்புதல். பிரீமியத்தைக் கையிலிருந்து கட்டுவதில்லை, கடன்தொகையோடு சேர்த்துவிடுகிறார்கள். அதனால் பணம் போனதே பலருக்குத் தெரிவதில்லை. சில நாள் கழித்து மின்னஞ்சலிலோ தபாலிலோ சான்றிதழ் வரும். அது கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லித் திருப்பிக் கொடுக்கலாம். ஆகவே வந்த வாரத்திலேயே அதைப் படித்துவிட வேண்டும்.

முதலில் காப்புக் காலத்தைப் பாருங்கள். ஏமாற்றம் அதிகம் நேர்வது இங்கேதான். ஓர் உதாரணம்: கணவன், மனைவி இருவரும் சேர்ந்து 20 லட்சம் ரூபாய் கடன் வாங்குகிறார்கள். வட்டி 9 சதவீதம், காலம் 15 ஆண்டு. பிரீமியம் 60,000 சேர்ந்து கடன் 20,60,000 ஆகிறது. சான்றிதழில் காப்புக் காலம் 60 மாதம் என்று இருக்கிறது. ஐந்து ஆண்டு தவணை தவறாமல் கட்டினாலும், அந்த 60 மாத முடிவில் ஏறத்தாழ 16.5 லட்சம் பாக்கி நிற்கும். தொடக்க ஆண்டுகளில் தவணையின் பெரும்பகுதி வட்டிக்கே போவதுதான் காரணம். மீதிப் பத்து ஆண்டுக்குக் குடும்பத்துக்கு எந்தக் காப்பும் இல்லை. ஆனால் அந்த 60,000 ரூபாய்க்கான தவணையாக மாதம் சுமார் 609 ரூபாய், 15 ஆண்டும் போய்க்கொண்டே இருக்கும். மொத்தம் ஏறத்தாழ 1,09,500 ரூபாய்.

அடுத்தது காப்புத்தொகை. பெரும்பாலான கடன் காப்பீடுகளில் அது ஆண்டுதோறும் குறையும். எந்த ஆண்டில் எவ்வளவு என்ற அட்டவணை சான்றிதழோடு இருக்கும். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். அதைக் கடனின் தவணை அட்டவணையோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். காப்பு அட்டவணை ஏதோ ஒரு வட்டியைக் கணக்கில் வைத்துப் போட்டது. உங்கள் கடன் மாறும் வட்டியில் இருந்து, வட்டி ஏறினால், பாக்கி மெதுவாகக் குறையும். காப்போ பழைய வேகத்திலேயே குறையும். கூட்டுக் கடனில் இன்னொன்றும் உண்டு: சான்றிதழில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கு மட்டுமே காப்பு. மேலே சொன்ன வீட்டில் மனைவியின் சம்பளத்திலும் தவணை போகிறது, ஆனால் சான்றிதழில் கணவன் பெயர் மட்டும் இருக்கிறது என்றால், பாதிக் கவலைக்குத்தான் மருந்து.

நாமினி இடத்தில் வங்கியின் பெயர் இருக்கக் கூடாது. இழப்பீட்டில் கடன் பாக்கி கடன் கொடுத்தவருக்குப் போகும். மீதி நாமினிக்கு வரவேண்டும். முன்கூட்டியே கொஞ்சம் அசலைக் கட்டியிருந்தால் அந்த மீதி கணிசமாக இருக்கும். பெயர், உறவு, பிறந்த தேதி சரியா என்று பார்த்து, தவறு இருந்தால் எழுத்துமூலம் திருத்தக் கேளுங்கள்.

பிரீமியத்தைச் சான்றிதழில் மட்டும் பார்த்தால் போதாது. கடன் கணக்கு அறிக்கையிலும் பாருங்கள். 2024 அக்டோபர் 1 முதல் கடனோடு தரவேண்டிய கே.எஃப்.எஸ். என்ற முக்கிய விவர அறிக்கையிலும் இந்தப் பிடித்தம் இருக்க வேண்டும். கணக்கில் 68,500 கழிந்து, சான்றிதழில் 60,000 மட்டும் இருந்தால், மீதி 8,500 எதற்கு என்று கேளுங்கள். விபத்துக் காப்பீடு என்று இன்னொரு பாலிசி சேர்ந்திருக்கலாம். அதற்கும் தனிச் சான்றிதழ் உண்டு.

இனி முடிவு. முப்பதுகளில் இருக்கிறீர்கள், நோய் எதுவும் இல்லை, ஆண்டுதோறும் பிரீமியம் கட்டமுடியும் என்றால் தனியாக டேர்ம் பாலிசி எடுப்பதே நல்லது என்பேன். காப்பு குறையாது, கடனை முடித்தாலும், வேறு வங்கிக்கு மாற்றினாலும் தொடரும், 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை. ஐம்பதைத் தாண்டியவர், சர்க்கரை நோய் உள்ளவர், வருமானம் ஏறி இறங்கும் தொழிலில் இருப்பவர் ஆகியோருக்குக் கடனோடு வந்ததே தேவலாம். ஒரே தடவை பணம் கட்டிவிட்டதால் அது காலாவதியாகாது. ஆனால் காலம் கடனளவுக்கு இருக்க வேண்டும். உடல்நல அறிவிப்பில் நோயை மறைத்திருக்கவும் கூடாது. யாரோ உங்களுக்காக 'இல்லை' என்று குறித்திருந்தால் இப்போதே திருத்துங்கள்.

ரத்து செய்வதென்றால் ஒரு வரிசை உண்டு. புதிய பாலிசி கைக்கு வந்தபின் பழையதை விடுங்கள். 30 நாளுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கே மின்னஞ்சல் அனுப்பி, வங்கிக்கும் ஒரு நகல் போடுங்கள். கிளையில் வாய்மொழியாகச் சொன்னதற்குச் சாட்சி கிடையாது. காப்பு இருந்த நாட்களுக்கான தொகை, முத்திரைக் கட்டணம் போன்றவை கழிந்து மீதி வரும். அது கடன் கணக்கில் வரவானதும் அசல் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். தவணையைக் குறைப்பதா, காலத்தைக் குறைப்பதா என்பதையும் அப்போதே எழுதிக் கொடுங்கள்.