மறுப்பதா, தயங்குவதா?

எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் வயதில் மூத்தவர். அவருக்குப் பதில் எழுதும்போதெல்லாம் ‘நான் ஒப்புக்கொள்ளவில்லை’ என்றே வருகிறது. வேறு எப்படி எழுதலாம்?
– ஒரு வாசகி, மதுரை

எதில் கருத்து வேறுபாடு என்று முதலில் பாருங்கள். வினைச்சொல் தானாக வந்துவிடும். பராமரிப்புக் கட்டணத்தை 2,000-லிருந்து 2,500 ரூபாயாக உயர்த்தலாம் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உயர்வு சரி, தொகைதான் அதிகம் என்றால், “உயர்வு தேவைதான், தொகையில் மட்டும் மாறுபடுகிறேன்.” கணக்கைப் பார்க்காமல் முடிவெடுக்க முடியாதென்றால், “செலவு விவரம் தெரியும்வரை இதை ஏற்கத் தயங்குகிறேன்.” உயர்வே வேண்டாம் என்றால், “இந்த யோசனையோடு என்னால் உடன்பட இயலவில்லை.” இந்த ‘இயலவில்லை’ குறையை நம் பக்கம் வைத்துக்கொள்வதால் பெரியவருக்கு உறுத்தாது.

‘மறுக்கிறேன்’ என்பதைப் பத்திரமாக வைத்திருங்கள். நீங்கள் கட்டணம் கட்டவில்லை என்று யாராவது தவறாகச் சொன்னால், ரசீதோடு எடுக்கலாம்.

இன்னொன்று: “உங்களோடு மாறுபடுகிறேன்” என்றால் ஆளோடு மோதுவதுபோல் இருக்கும். “உங்கள் கருத்திலிருந்து மாறுபடுகிறேன்” என்று எழுதுங்கள். ‘ஆனால்’ போட்டுத் தொடங்கவே தொடங்காதீர்கள். செயலாளர் அங்கேயே கண்ணாடியைக் கழற்றிவிடுவார்.