தலைக்காயத்திற்குப் பின் வரும் தெளிவு வேளை

தலையில் அடிபட்டவர் எழுந்து நடந்து, "எனக்கு ஒன்றுமில்லை, வீட்டிற்குப் போகலாம்" என்று கூறும்போது உடனிருப்போர் நிம்மதி அடைவது இயல்பே. சிலரிடம் அந்நிம்மதி பொய்த்துப்போவது ஏன் என்பதை இங்கு விளக்க விரும்புகிறோம்.

2009 மார்ச் 16 அன்று, கனடாவின் கியூபெக் மாகாணத்தில் நடிகை நடாஷா ரிச்சர்ட்சன், பனிச்சறுக்கு பயிலும்போது தொடக்கநிலைச் சரிவொன்றில் விழுந்தார். தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. வெளிக்காயம் ஏதும் தென்படவில்லை, இயல்பாகப் பேசினார், வந்த ஆம்புலன்ஸ் திரும்பிச் சென்றது. பின்னர் தலைவலி தொடங்கியது. மறுபடி ஆம்புலன்ஸ் அழைக்கப்பட்டபோது, விழுந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கடந்திருந்தது. மார்ச் 18 அன்று நியூயார்க்கில் 45 வயதில் அவர் காலமானார். மண்டையோட்டிற்கும் மூளையின் வெளியுறைக்கும் இடையே ஏற்பட்ட இரத்தக்கசிவே காரணம் என்று பிரேதப் பரிசோதனை காட்டியது.

காதுக்கு மேலும் முன்னுமுள்ள நெற்றிப்பொட்டுப் பகுதியில் எலும்பு மெல்லியது. அதன் உட்புறத்தை ஒட்டி ஒரு தமனி செல்கிறது. எலும்பு விரிசல் கண்டால் அத்தமனியும் கிழியக்கூடும். கசியும் இரத்தம், எலும்போடு ஒட்டியுள்ள உறையைச் சிறிது சிறிதாகப் பிரித்துக்கொண்டே இடம் பிடிக்கிறது. தொடக்கத்தில், மூளையைச் சூழ்ந்த நீரும் சிரை இரத்தமும் விலகி இடம் கொடுப்பதால் அழுத்தம் அவ்வளவாக ஏறுவதில்லை. இதுவே தெளிவு வேளை; சில நிமிடங்களோ பல மணி நேரமோ நீடிக்கலாம். விலகுவதற்கு இனி ஏதுமில்லை என்றானதும், சிறிதளவு இரத்தம் கூடினாலும் அழுத்தம் திடீரென உயர்ந்து, மூளை கீழ்நோக்கித் தள்ளப்படுகிறது. அப்போது பெரும்பாலும் அடிபட்ட பக்கத்துக் கண்ணின் பாவை விரியும். எதிர்ப்பக்கக் கை கால் தளரும். பின்னர் மூச்சும் தடுமாறும்.

பாவை விரியும்வரை காத்திருப்பது மிகவும் தாமதமாகும். அதற்கு முன்பே வருவன: கூடிக்கொண்டே போகும் தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, பேச்சில் குழப்பம், எழுப்பினாலும் சரியாக விழிக்காத உறக்கம். இவற்றில் ஒன்று கண்டாலும் 108ஐ அழையுங்கள். சி.டி. ஸ்கேனில் இக்கசிவு பெரும்பாலும் குவிவில்லை போன்ற வெண்ணிற வடிவில் தெரியும். உரிய நேரத்தில் மண்டையோட்டைத் திறந்து இரத்தக்கட்டியை அகற்றினால் பலர் நன்கு மீள்கின்றனர்.

எல்லோருக்கும் தெளிவு வேளை வருவதில்லை. சிலர் முதலிலிருந்தே மயங்கிக் கிடப்பர். அடிபட்டபோது சற்று நினைவிழந்து பின் தெளிந்தவரை, நலமாகத் தோன்றினாலும், மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டிற்கு அனுப்பப்பட்டாலும் முதல் 24 மணி நேரம் ஒருவர் உடனிருக்க வேண்டும். மது, தூக்க மாத்திரை, ஆஸ்பிரின் ஆகியன கூடா. அவசரப் பிரிவுக்கு வரும்போது, விழுந்த நேரம், இடையில் தெளிவாக இருந்தாரா, இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உட்கொள்பவரா என்பவற்றை முதலிலேயே எங்களிடம் கூறுங்கள்.