புகைப்போர் உண்மையில் எத்தனை பேர்? ஆய்வுகளில் குறைத்துக் கூறப்படுதலும் அதனை அளக்கும் முறைகளும்



உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி இலங்கையில் 2015ஆம் ஆண்டு 18 முதல் 69 வயது வரையானோரிடம் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. அதில் ஆண்களுள் 29.4 வீதத்தினரும் பெண்களுள் 0.1 வீதத்தினரும் தாம் புகைப்பதாகக் கூறினர். 'கூறினர்' என்ற சொல்லைக் கவனியுங்கள். இவ்வெண்கள் புகைப்போரின் தொகையன்று. புகைப்பதாக ஒத்துக்கொண்டோரின் தொகையாகும். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியை அளப்பது எவ்வாறு என்பதே இப்பாடத்தின் விடயமாகும்.

1. ஏன் குறைத்துக் கூறுகின்றனர்?

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய ஒரு வீட்டிற்கு ஆய்வாளர் செல்கிறார் எனக் கொள்வோம். அவர் விறாந்தையில் அமர்ந்து "நீங்கள் புகைப்பதுண்டா?" எனக் கேட்கிறார். அருகில் தாயார் நிற்கிறார், பிள்ளைகள் எட்டிப்பார்க்கின்றனர். வீட்டாருக்குத் தெரியாமல் புகைப்பவர் அவ்விடத்தில் "இல்லை" என்றே கூறுவார். இது சமூக வெட்கத்தினால் வரும் பிழையாகும். எச்சமூகப் பிரிவில் புகைத்தல் பெரும் குறையாகக் கருதப்படுகிறதோ, அப்பிரிவிலேயே இப்பிழை அதிகமாகும்.

இரண்டாவது காரணம் வினாவின் பொருள் பற்றியது. வெள்ளிக்கிழமைகளில் நண்பர்களுடன் மட்டும் புகைப்பவர் தம்மைப் 'புகைப்பவர்' என நினைப்பதில்லை. "சிகரட் குடிப்பீர்களா?" என வினவினால் பீடியோ சுருட்டோ குடிப்பவர் பொய் சொல்லாமலே "இல்லை" எனலாம். ஆகவே நல்ல வினாக்கொத்து சிகரட், பீடி, சுருட்டு என ஒவ்வொன்றையும் தனித்தனியே கேட்கும். "கடந்த 30 நாட்களில்" எனக் காலத்தையும் குறிப்பிடும்.

மூன்றாவது காரணம் மறதி. பெட்டியாக வாங்காமல் ஒவ்வொன்றாக வாங்குபவருக்கு நாளொன்றுக்கு எத்தனை என்ற கணக்கு நினைவில் நிற்பதில்லை.

முதலாவது பிழையைக் குறைப்பதற்கு எளிய வழி, விடையளிப்பவரைத் தனிமையில் விடுவதாகும். 13 முதல் 15 வயது மாணவர்களுக்கான உலக இளையோர் புகையிலை ஆய்வு இலங்கையில் 1999 முதல் பல தடவைகள் நடைபெற்றுள்ளது. அதில் மாணவர்கள் பெயர் எழுதாமல் வகுப்பறையிலேயே விடைத்தாளை நிரப்பினர்.

2. உடல் தரும் சான்று

புகையிலையிலுள்ள நிக்கொட்டீன் ஏறத்தாழ 2 மணித்தியாலத்தில் இரத்தத்தில் பாதியாகக் குறைந்துவிடும். ஆனால் ஈரல் அதனைக் கொட்டினீன் என்னும் பொருளாக மாற்றுகிறது. கொட்டினீன் பாதியாகக் குறைவதற்கு ஏறத்தாழ 16 மணித்தியாலம் எடுக்கும். உமிழ்நீர், சிறுநீர், இரத்தம் ஆகிய மூன்றிலும் இதனை அளக்கலாம். உமிழ்நீரில் மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ 15 நனோகிராம் அல்லது அதற்கு மேல் இருப்பின் அவர் புகைப்பவர் எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. பிறர் விடும் புகையைச் சுவாசிப்பவரின் அளவு பெரும்பாலும் இதற்குக் கீழேயே இருக்கும்.

ஒருவரின் உமிழ்நீரில் 240 நனோகிராம் இருக்கும்போது அவர் புகைத்தலை நிறுத்துகிறார் எனக் கொள்க. 16 மணித்தியாலத்தில் 120, 32 இல் 60, 48 இல் 30, 64 இல் 15 என அது குறையும். ஆகவே நாள்தோறும் அதிகம் புகைப்பவரைச் சுமார் இரண்டரை நாட்கள் வரை கண்டறியலாம். வாரத்துக்கு ஒருமுறை புகைப்பவரோ சோதனையில் தப்பிவிடக்கூடும்.

இச்சோதனை தென்கொரியாவில் 2008ஆம் ஆண்டின் தேசிய ஆய்வில் சிறுநீர் கொண்டு செய்யப்பட்டது. ஆண்களில் 44.7 வீதத்தினர் புகைப்பதாகக் கூறினர், சோதனை 50.0 வீதம் எனக் காட்டியது. பெண்களில் 5.9 வீதத்தினரே கூறினர், சோதனை 13.9 வீதம் எனக் காட்டியது. அதாவது, பெண்களின் உண்மைத் தொகை கூறப்பட்டதைப் போல் இருமடங்குக்கும் அதிகமாகும். முன்னர் கூறிய வெட்கத்தின் விளைவு இங்கே எண்ணாகத் தெரிகிறது.

கவனிக்க: கொட்டினீன் புகையைக் காட்டுவதில்லை, நிக்கொட்டீனையே காட்டுகிறது. வெற்றிலையுடன் புகையிலை சேர்த்துச் சப்புபவரும் இச்சோதனையில் அகப்படுவார். எமது மாவட்டத்தில் இது முக்கியமானது. இவர்களைப் பிரித்தறிய மூச்சிலுள்ள காபனோரொட்சைட்டு அளக்கப்படும். அது எரியும் புகையிலிருந்தே வருவதாகும். எனினும் அது சில மணித்தியாலங்களில் குறைந்துவிடும் என்பதால் காலையில் அளந்தால் இரவு புகைத்தவர் தப்பலாம். விறகடுப்புப் புகையிலும் காபனோரொட்சைட்டு உண்டு. எனவே இரு சோதனைகளையும் சேர்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

3. செய்துகாட்டிய கணக்கு

(எண்கள் பயிற்சிக்காக அமைக்கப்பட்டவை.)

துறைமுகப் பகுதியில் எழுமாறாகத் தெரிவுசெய்யப்பட்ட 200 ஆண்களில் 50 பேர் புகைப்பதாகக் கூறினர். 150 பேர் இல்லை என்றனர். உமிழ்நீர்ச் சோதனை முடிவு வருமாறு:

அ. "ஆம்" என்ற 50 பேரில் 47 பேருக்குக் கொட்டினீன் எல்லைக்கு மேல் இருந்தது. மற்றைய மூவரும் இடைக்கிடை புகைப்பவர்கள். அவர்கள் தாமே ஒத்துக்கொண்டதால் 50 பேரும் புகைப்போரே.

ஆ. "இல்லை" என்ற 150 பேரில் 24 பேருக்கு எல்லைக்கு மேல் இருந்தது. அவர்களுள் 12 பேர் புகையிலை சப்புபவர்கள். மற்றைய 12 பேரும் மறைத்த புகைப்போர்.

இ. சப்பும் 12 பேரின் மூச்சைச் சோதித்தபோது இருவருக்குக் காபனோரொட்சைட்டு அதிகமாக இருந்தது. அவ்விருவரும் புகைப்பவர்களே எனக் கொள்ளப்பட்டனர்.

புகைப்போர் மொத்தம் = 50 + 12 + 2 = 64
உண்மை வீதம் = 64 ÷ 200 × 100 = 32%
கூறப்பட்ட வீதம் = 50 ÷ 200 × 100 = 25%

மூச்சுச் சோதனை செய்யாமல் 24 பேரையும் சேர்த்திருந்தால் 37% என மிகையாக வந்திருக்கும். சோதனையும் பிழை தரும் என்பதை இதிலிருந்து அறிக. அத்துடன், உமிழ்நீர் தர மறுப்போரிலும், ஆய்வாளர் வரும் வேளையில் கடலுக்குச் சென்றிருப்போரிலும் புகைப்போர் அதிகமாக இருப்பின் 32% என்பதும் குறைவான மதிப்பீடே.

4. நாணயம் சுண்டும் முறை

சோதனைக்குப் பணமில்லாதபோது நிகழ்தகவு உதவும். 1965ஆம் ஆண்டில் ஸ்டான்லி வார்னர் என்பவர் வெளியிட்ட கருத்திலிருந்து வளர்ந்த முறை இது. ஒவ்வொருவரும் மறைவாக ஒரு நாணயத்தைச் சுண்டுவர். தலை விழுந்தால், புகைத்தாலும் புகைக்காவிட்டாலும் "ஆம்" எனல் வேண்டும். பூ விழுந்தால் உண்மையைக் கூறல் வேண்டும். ஒருவர் "ஆம்" என்றால் அது நாணயத்தாலா, புகைத்தலாலா என எவராலும் அறிய முடியாது. ஆகவே வெட்கத்துக்கு இடமில்லை.

200 பேரில் 132 பேர் "ஆம்" என்றனர் எனக் கொள்க. தலை விழுந்தோர் சுமார் 100 பேர். எஞ்சிய 32 "ஆம்" விடைகளும் பூ விழுந்த 100 பேரிடமிருந்து வந்தவை. ஆகவே மதிப்பீடு 32% ஆகும்.

குறைபாடு: தலை சரியாக 100 தடவை விழும் என்பதில்லை. 108 தடவை விழுந்திருந்தால், மற்றைய 92 பேரில் 32% ஆன சுமார் 29 பேருடன் "ஆம்" விடைகள் 137 ஆகும். மதிப்பீடு 37% என வரும். இப்பிழையைக் குறைக்க மாதிரி பெரிதாக இருத்தல் வேண்டும்.

பயிற்சி வினாக்கள்

1. கொட்டினீன் சோதனையில் வெற்றிலையுடன் புகையிலை சப்புபவரும் அகப்படுவது ஏன்?
2. உமிழ்நீரில் 120 நனோகிராம் கொட்டினீன் உடையவர் புகைத்தலை நிறுத்தி எத்தனை மணித்தியாலத்தில் 15 ஐ அடைவார்?
3. நாணய முறையில் 300 பேரில் 186 பேர் "ஆம்" என்றனர். புகைப்போர் வீதத்தை மதிப்பிடுக.

விடைகள்: 1. சோதனை நிக்கொட்டீனைக் காட்டுகிறது. சப்பும் புகையிலையிலும் நிக்கொட்டீன் உண்டு. 2. 48 மணித்தியாலம் 3. 186 − 150 = 36; 36 ÷ 150 × 100 = 24%