விளக்கு முன்னே பன்னிரண்டு நிமிடம்!

"பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம் போயிட்டு வர்றோம் டாக்டர். மத்த நாள் எல்லாம் சாமி ஞாபகமே வர்றதில்லை. ஏதாவது மன்றத்துல சேர்ந்துடலாமான்னு பாக்குறேன். ஆனா சந்தா, கூட்டம்னு அலைய முடியாது..."

கண்டாச்சிபுரத்தில் 48 வயது தாய் ஒருவர் கேட்டது இது. வீட்டில் இரண்டு கறவை மாடு, கொல்லையில் மணிலா. மன்றம் எதற்கு? ஒரு அகல் விளக்கு போதுமே!

வள்ளலார் சங்கம் கண்டது 1865-இல். ஆனால் அதற்கு எத்தனையோ ஆண்டுகள் முன்பே, சென்னையில் அண்ணன் வீட்டு அறையில், கண்ணாடியும் விளக்கும் வைத்துத் தனியே அமர்ந்து வழிபட்ட சிறுவர்தான் அவர். கடைசியில் 1873-இல் மேட்டுக்குப்பத்தில் தம் அறை விளக்கை வெளியே வைத்து, எல்லோரையும் அதை வழிபடச் சொன்னார். அந்த விளக்கு வழிபாட்டை நம் வீட்டுக்கு ஏற்றாற்போல் அமைத்துக் கொள்வோம்.

எப்போது?

விடியற்காலை நல்லதுதான். ஆனால் அந்த அம்மாவுக்கு அது பால் கறக்கிற நேரம். ஆகவே, மாலையில் மாட்டைக் கட்டிவிட்டு, கை கால் கழுவியதும் உட்காரச் சொன்னேன். தினமும் தவறாமல் செய்கிற ஒரு வேலையோடு முடிச்சுப் போட்டு விடுங்கள். கடிகாரம் பார்க்க வேண்டாம். சாப்பாட்டுக்கு முன் உட்காருங்கள். வயிறு நிறைந்தால் தூக்கம்தான் வரும்.

எப்படி?

காற்றடிக்காத மூலையில், மூன்றடி தள்ளி, கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே விளக்கு இருக்கட்டும். நல்லெண்ணெய், பஞ்சுத் திரி. எரிகிற நுனி நெல்மணி அளவு இருந்தால் போதும். நீண்டால் புகையும்; கண் எரியும். முட்டி வலி உள்ளவர்கள் நாற்காலியில் உட்காரலாம்.

முதல் மூன்று நிமிடம் சுடரைப் பாருங்கள். இமைக்காமல் முறைக்க வேண்டாம். அடுத்த ஆறு நிமிடம் கண்ணை மூடி, மூச்சு வெளியே போவதை மட்டும் ஒன்று முதல் ஒன்பது வரை எண்ணுங்கள். எண்ணிக்கை தவறினால் மீண்டும் ஒன்று! கடைசி மூன்று நிமிடம் உங்களுக்குப் பிடித்த இறைவன் பெயரை மெதுவாகச் சொல்லுங்கள். முருகனோ, அல்லாவோ, ஏசுவோ, அது உங்கள் இஷ்டம்.

எழுந்ததும் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போடுங்கள். மாதத்தில் ஒரு கிலோவுக்கு மேல் சேரும். பசித்தவர் யாருக்காவது கொடுத்து விடுங்கள். 1867-இல் வடலூர் தருமச்சாலையில் அடுப்பு மூட்டிய வள்ளலாருக்குப் பசியாற்றுவதும் வழிபாடுதான்.

எங்கே தடுக்கும்?

பத்தாம் நாள் அந்த அம்மா ஓடி வந்தார். "கண்ணை மூடினா பச்சையா ஒரு ஒளி தெரியுது டாக்டர்! சாமி தரிசனமா?" இல்லையம்மா. சுடரை உற்றுப் பார்த்த கண்ணில் சற்று நேரம் தங்குகிற நிழல் அது. பல்பைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினாலும் வரும், தானே மறையும். அதைத் துரத்திக் கொண்டு போனால் எண்ணிக்கை விட்டுப் போகும். அது அதிகம் வந்தால் முறைத்துப் பார்க்கிறீர்கள் என்று அர்த்தம்.

தலை பாரமாக இருந்தால் மூச்சை அடக்குகிறீர்கள். புத்தகம் பார்த்து மூச்சை அடக்கிப் பழகவே கூடாது. ரத்தக் கொதிப்பு, இதய நோய் உள்ளவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். வலிப்பு நோய் உள்ளவர்கள் ஆடுகிற சுடரைப் பார்க்காமல் கண்ணை மூடியே செய்யலாம். பயம், அழுகை, தூக்கமின்மை வந்து நாலு நாளில் தணியாவிட்டால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். மாத்திரைகளை மட்டும் நிறுத்தி விடாதீர்கள்!

இடையில் விட்டுப் போனால்?

இருபத்தோராம் நாள் பங்காளி வீட்டில் துக்கம். ஐந்து நாள் விளக்கேற்றவில்லை. "விரதம் முறிஞ்சிடுச்சே, குத்தம் வருமா?" என்று கலங்கினார் அந்த அம்மா. பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். விளக்கேற்ற முடியாத நாளில் வெறுமனே உட்கார்ந்து எண்ணலாம். அதுவும் முடியாவிட்டால், விட்ட நாளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஈடுகட்ட மறுநாள் இருபத்து நான்கு நிமிடம் உட்காரவும் வேண்டாம். நான் மருந்துக்குச் சொல்லும் ஒரு மண்டலம் 48 நாள். இங்கே அது உட்கார்ந்த 48 நாள். காலண்டரில் உட்கார்ந்த நாளுக்கு மட்டும் ஒரு புள்ளி வையுங்கள். அந்த அம்மாவுக்கு 48 புள்ளி சேர 61 நாள் ஆயிற்று.

48 புள்ளி முடியும் வரை நேரத்தைக் கூட்டாதீர்கள். அதன்பிறகு விருப்பமிருந்தால், எண்ணுகிற ஆறு நிமிடத்தை மட்டும் பத்தாக்கிக் கொள்ளலாம்.