விளக்கு திரும்பட்டும், வெளிச்சம் நிற்கட்டும்
காமாட்சி விளக்கின் நான்கு பக்கங்களையும் ஒரே ஒளியில், ஒரே அளவில் படம்பிடிக்கும் முறை

ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில், லெபோ பாசாரும் லெபோ குயினும் சந்திக்கும் பகுதியைச் சுற்றியுள்ள கடைகளில் தீபாவளி நெருங்கும்போது பித்தளை விளக்குகள் குவிந்துவிடும். வெளியூர் வாடிக்கையாளருக்கு அனுப்பும் பட்டியலில் ஒரு விளக்குக்கு ஒரு படம் போதாது. காமாட்சி விளக்கை முன்னாலிருந்து பார்த்தால் அம்மன் உருவமும் திருவாசியும் தெரியும். திரிமூக்கு எவ்வளவு நீளம் என்பது பக்கவாட்டில்தான் தெரியும். எண்ணெய்க் குழியின் அகலத்தை மேலிருந்துதான் பார்க்க முடியும். வார்ப்பு சுத்தமாக இருக்கிறதா என்பதைப் பின்பக்கம் சொல்லும். நான்கும் தேவை.

ஆனால் பல பட்டியல்களில் இந்த நான்கு படங்களும் நான்கு வெவ்வேறு விளக்குகளைப் போலத் தோன்றுகின்றன. முன்தோற்றத்தில் வெளிச்சம் இடமிருந்து வருகிறது, பின்தோற்றத்தில் வலமிருந்து. மேல்தோற்றத்தில் விளக்கு திடீரெனப் பெருத்துவிடுகிறது. படம்பிடிப்பவர் விளக்கை ஓரிடத்தில் வைத்துவிட்டு, கேமராவோடு அதைச் சுற்றி வருவதே இதற்குக் காரணம். அப்படிச் சுற்றும்போது ஒவ்வொரு படத்திலும் ஒளியின் திசையும் மாறுகிறது, தூரமும் மாறுகிறது. வெளிச்சம் படத்துக்குச் சொந்தமானது, பொருளுக்கு அல்ல. கேமராவும் ஒளியும் இடம் மாறாமல் நிற்க, பொருள் மட்டும் திரும்ப வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த ஒரு விதியிலிருந்து வருபவைதான்.

எடுத்துக்காட்டாக 14 செ.மீ. உயரம், 9 செ.மீ. அகலம், 12 செ.மீ. ஆழம் உள்ள ஒரு காமாட்சி விளக்கை எடுத்துக்கொள்வோம். அதன் திரிமூக்கின் நுனி, திருவாசியிலிருந்து 10 செ.மீ. முன்னால் நீண்டிருக்கிறது.

படி 1: அறையை அடைத்தல்

பினாங்கின் வானம் நம்பத்தக்கதல்ல. முன்தோற்றம் எடுக்கும்போது வெயிலும் பின்தோற்றம் எடுக்கும்போது மேகமும் இருக்கும். கடைவீட்டின் சன்னல்களையும் வான்வெளி முற்றத்திலிருந்து வரும் வெளிச்சத்தையும் கனமான துணியால் அடைத்துவிடுங்கள். கூரை விளக்குகளையும் அணைத்துவிடுங்கள். பளபளக்கும் பித்தளை ஒரு கண்ணாடி. அறையின் நீலச் சுவரும் நீங்கள் அணிந்திருக்கும் சிவப்புச் சட்டையும் அதில் விழும். சாம்பல் நிறச் சட்டை அணிந்துகொள்வது நல்லது.

விளக்கைப் புளி போட்டுத் தேய்த்து, கழுவி, ஈரம் துளியும் இல்லாமல் துடைத்து, முதல் படத்துக்கு முன்பே முழுவதும் மெருகேற்றிவிடுங்கள். நடுவில் ஒரு பக்கத்தை மட்டும் தேய்த்தால் அந்தப் படத்தின் நிறம் மாறிவிடும். பிறகு பருத்திக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றில் விரல்ரேகை சீக்கிரம் கறையாகிவிடும். குளிரூட்டிய அறையிலிருந்து விளக்கை வெளியே கொண்டுவந்தால் மெல்லிய நீராவிப் படலம் படியும். அது முழுவதும் மறையும்வரை காத்திருங்கள்.

படி 2: தூரத்தை நிர்ணயித்தல்

அருகில் இருப்பது பெரிதாகத் தெரியும், தூரத்தில் இருப்பது சிறிதாகத் தெரியும். இதை முற்றிலும் ஒழிக்க முடியாது, குறைக்கலாம். நம் விளக்கின் திருவாசியை 50 செ.மீ. தூரத்திலிருந்து எடுத்தால் மூக்கின் நுனி 40 செ.மீ. தூரத்தில்தான் இருக்கும், அதனால் 25 விழுக்காடு பெருத்துத் தோன்றும். 150 செ.மீ. தூரத்திலிருந்து எடுத்தால் அந்தப் பெருக்கம் 7 விழுக்காடுதான். ஆகவே கேமராவை 150 செ.மீ. தள்ளி வையுங்கள். முழுச்சட்டக் கேமராவில் 85 முதல் 100 மி.மீ. லென்ஸ் இதற்குப் பொருந்தும். கைப்பேசி என்றால் அதன் டெலி லென்ஸைப் பயன்படுத்துங்கள்.

லென்ஸின் மையம் விளக்கின் பாதி உயரத்தில், அதாவது விளக்கு நிற்கும் பரப்பிலிருந்து 7 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். கேமரா கீழ்நோக்கிச் சாயவே கூடாது. சாய்ந்தால் விளக்கின் உயரம் குறைந்து தெரியும். ரசமட்டம் வைத்துச் சரிபாருங்கள்.

படி 3: அச்சைக் கண்டுபிடித்தல்

விளக்கைச் சுழல்தட்டின் மேல் வைக்க வேண்டும். சீன உணவகங்களில் வட்ட மேசை நடுவே இருக்குமே, அந்தத் தட்டே போதும். வெள்ளைத்தாளால் அதை மூடி, நடுப்புள்ளியையும் நான்கு கால்வட்டக் கோடுகளையும் பென்சிலால் மெல்லக் குறித்துக்கொள்ளுங்கள்.

விளக்கின் பாதத்தை நடுப்புள்ளியில் வைக்கத் தோன்றும். அப்படி வைத்தால் திருவாசி முன்தோற்றத்தில் கேமராவிலிருந்து விலகியும் பின்தோற்றத்தில் நெருங்கியும் நிற்கும். இரண்டிலும் உயரம் ஒன்றாக வராது. விளக்கின் உயரத்தைக் காட்டும் பகுதி திருவாசி. எனவே திருவாசியையே நடுப்புள்ளிக்கு நேர்மேலே நிறுத்துங்கள். அப்போது முன், பக்கம், பின் என மூன்று தோற்றங்களிலும் அது சரியாக 150 செ.மீ. தூரத்திலேயே இருக்கும்.

படி 4: ஒளியை அமைத்தல்

60 செ.மீ. சதுர சாஃப்ட்பாக்ஸ் ஒன்று போதும். இல்லாவிட்டால் ஒரு மரச்சட்டத்தில் மெல்லிய வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டி, அதன் பின்னால் எல்இடி விளக்கை வைக்கலாம். காமாட்சி விளக்கின் நடுவிலிருந்து இடப்புறம் 60 செ.மீ., மேலே 60 செ.மீ., கேமரா பக்கமாக முன்னே 60 செ.மீ. என அதன் மையத்தை நிறுத்துங்கள். மூன்று அளவுகளும் ஒன்றாக இருப்பதற்குக் காரணம் உண்டு. மேல்தோற்றம் எடுக்கும்போது அது விளங்கும்.

வலப்புறம் 30 செ.மீ. தள்ளி ஒரு வெள்ளை அட்டையைச் செங்குத்தாக நிறுத்துங்கள். கேமராவின் முன்னால், லென்ஸ் அளவுக்குத் துளையிட்ட 60 செ.மீ. சதுர வெள்ளை அட்டை ஒன்று இருக்கட்டும். அது சாஃப்ட்பாக்ஸின் வெளிச்சத்தை மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தட்டையான பித்தளை தனக்கு நேர் எதிரே இருப்பதையே காட்டும். எதிரே இருட்டு இருந்தால் திருவாசி கறுத்துப்போகும்.

கேமராவில் தானியங்கி எதுவும் வேண்டாம். ஐஎஸ்ஓ 100, துளை எஃப் 16. மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டர் 1/50 நொடி அல்லது 1/25 நொடி. அதைவிட வேகமாக வைத்தால் மலிவான எல்இடியின் துடிப்பு படத்துக்குப் படம் வெளிச்சத்தை மாற்றும். படம் இருட்டாக இருந்தால் 1/25இலிருந்து 1/10க்கு இறங்கலாம். சாம்பல் அட்டையை வைத்து வெள்ளைச் சமநிலையை ஒருமுறை அமைத்துப் பூட்டிவிடுங்கள். ஃபோகஸைத் திருவாசியில் வைத்துப் பூட்டுங்கள். ஃபோகஸ் வளையத்தைத் திருகினால் பல லென்ஸ்களில் உருவத்தின் அளவும் சற்று மாறும்.

படி 5: முன், பக்கம், பின்

முதலில் ஓர் உலோக அளவுகோலைத் திருவாசியை ஒட்டி நிறுத்தி ஒரு படம் எடுங்கள். பிறகு அளவுகோலை அகற்றிவிட்டு முன்தோற்றம் எடுங்கள். தட்டை மேலிருந்து பார்க்க வலஞ்சுழியாக 90 பாகை திருப்புங்கள். திரிமூக்கு இடப்பக்கம், ஒளியை நோக்கி நிற்கும். இது பக்கத்தோற்றம். இன்னும் 90 பாகை திருப்பினால் பின்தோற்றம்.

பின்பக்கம் மிகவும் வழவழப்பாக இருந்தால், அட்டையின் துளையும் லென்ஸும் கரிய வட்டமாக அதன் நடுவில் தெரியும். தட்டை 3 பாகை மட்டும் கூடுதலாகத் திருப்புங்கள். பிரதிபலிப்பு அதைப்போல் இருமடங்கு விலகும் என்பதால் கரிய வட்டம் விளிம்பைத் தாண்டிப் போய்விடும். விளக்கு திரும்பியிருப்பது கண்ணுக்குத் தெரியாது.

மறுபக்கத் தோற்றம் வேண்டுமென்றால் தட்டைத் திருப்பித் தனியாக எடுங்கள். கணினியில் இடவலம் புரட்டினால் ஒளியும் சேர்ந்து புரண்டுவிடும்.

படி 6: மேல்தோற்றம்

இங்கே கேமரா நகர்ந்தே ஆகவேண்டும். கேமரா நகர்ந்தால் ஒளியும் அதனோடு நகர வேண்டும்.

தரையில் வெள்ளைத்தாளை விரியுங்கள். மூன்று பால் டின்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து இறுக ஒட்டி, மேலே விளக்கை வையுங்கள். விளக்கின் உடல் டின்னை மறைத்துவிடும். தாளும் கீழே தள்ளிப்போவதால் நிழல் மென்மையாகும். முக்காலியின் கிடைக்கையில் கேமராவை நேர்க்கீழ் நோக்கிப் பொருத்தி, மறுமுனையில் எடைக்கு அரிசிப்பை ஒன்றைத் தொங்கவிடுங்கள். எண்ணெய்க் குழியின் விளிம்பிலிருந்து கேமரா வரை 150 செ.மீ. இருக்க வேண்டும். இதற்கு முன் கேமராவின் எந்தக் குறியிலிருந்து அளந்தீர்களோ, இப்போதும் அதிலிருந்தே அளக்க வேண்டும். துளையிட்ட அட்டை லென்ஸோடு மேலே போகட்டும். திரிமூக்கு படத்தின் கீழ்விளிம்பை நோக்கி இருக்க வேண்டும்.

ஒளி எங்கே? முன்தோற்றத்தில் மேலே இருந்த திசை, இப்போது விளக்கின் பின்புறம். முன்பு கேமரா பக்கம் இருந்த திசை, இப்போது மேற்புறம். ஆகவே இடம் 60, மேல் 60, முன் 60 என்பது இப்போது இடம் 60, பின் 60, மேல் 60 என்றாகிறது. சாஃப்ட்பாக்ஸின் உயரம் விளக்கிலிருந்து அதே 60தான். தாங்கியை இடப்புற முன்மூலையிலிருந்து இடப்புறப் பின்மூலைக்கு நகர்த்தி, விளக்கு தாழ்ந்த அளவுக்கு அதையும் தாழ்த்தினால் போதும். பலரும் இதைச் செய்யாமல் விடுவதால்தான் மேல்தோற்றத்தில் மட்டும் வெளிச்சம் கீழிருந்து வருவதுபோல் இருக்கும்.

வலப்புற அட்டை விளக்கின் வலப்பக்கத்திலேயே நிற்கட்டும். முன்பு தட்டின் வெள்ளைத்தாள் அடியிலிருந்து எதிரொளி கொடுத்தது. அதற்கு ஈடாக, திரிமூக்குக்கு எதிரே படத்தில் விழாதபடி ஒரு சிறு வெள்ளை அட்டையை நிறுத்துங்கள். குழியின் விளிம்பு உயரத்தில் அளவுகோலை வைத்து ஒரு படம் எடுத்த பிறகு மேல்தோற்றத்தை எடுங்கள்.

படி 7: அளவைச் சரிபார்த்தல்

கண்மதிப்பில் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ வேண்டாம். அளவுகோல் படங்களைத் திறந்து 10 செ.மீ. எத்தனை பிக்சல் என்று எண்ணுங்கள். முதல் அமைப்பில் 1200 பிக்சலும் மேல்தோற்ற அமைப்பில் 1170 பிக்சலும் வந்தால், 1200ஐ 1170ஆல் வகுக்க 1.026 கிடைக்கும். மேல்தோற்றத்தை 102.6 விழுக்காடாக்குங்கள். வேறுபாடு 5 விழுக்காட்டைத் தாண்டினால் தூரத்தைத் தவறாக அளந்திருக்கிறீர்கள். திருத்தி மறுபடி எடுங்கள்.

முன்தோற்றத்தில் குழி திருவாசிக்கு முன்னால் இருப்பதால், அதன் அகலம் மேல்தோற்றத்தில் இருப்பதைவிட ஒரு சில விழுக்காடு கூடுதலாகவே தெரியும். இது புகைப்படத்தின் எல்லை. இழுத்துச் சமப்படுத்தினால் உருவம் கோணிவிடும். சரியான அளவை எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

பட்டியலின் பக்கத்தில் முன்தோற்றத்தை நடுவிலும், மேல்தோற்றத்தை அதற்கு நேர்மேலேயும், பக்கத்தோற்றத்தை வலப்புறமும், பின்தோற்றத்தை அதற்கும் அப்பாலும் வையுங்கள். முன், பக்கம், பின் மூன்றிலும் விளக்கின் அடி ஒரே கோட்டில் நின்றால் உச்சியும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். நான்கிலும் பளிச்சிடும் பகுதி இடப்புற மேல்பகுதியில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மாறியிருந்தால் அந்தப் படத்தில் தாங்கியோ அட்டையோ நகர்ந்திருக்கிறது.

தாங்கிகளின் கால்கள் நின்ற இடங்களைத் தரையில் ஒட்டுநாடாவால் குறித்து, 10 செ.மீ.க்கு 1200 பிக்சல் என்ற எண்ணோடு எல்லா அளவுகளையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள். அடுத்து வரும் 21 செ.மீ. விளக்கையும் இதே எண்ணுக்கு எடுத்தால், பட்டியலில் அது சின்ன விளக்கைவிட ஒன்றரை மடங்கு உயரமாகத் தெரியும். வாங்குபவர் எது தம் பூசைமாடத்துக்குப் பொருந்தும் என்பதைப் படத்தைப் பார்த்தே முடிவு செய்துவிடுவார்.