ஆண்களின் ஆண்டுப் பரிசோதனை: எது முன்னே, எது பின்னே?

நாற்பது வயதைத் தாண்டிய அங்கத்தினர் பலர் வைத்தியரிடம் சொல்லத் தயங்கும் குறை ஒன்று உண்டு. குறி முன்போல் விறைப்பதில்லை, விறைத்தாலும் நிலைப்பதில்லை என்பதே அது. மனைவியிடம் சொல்லவே வெட்கமாயிருக்கையில் பிறரிடம் எப்படிச் சொல்வது? ஆகவே ஊர்தோறும் விடுதி அறையில் தங்கி லேகியம் விற்போரிடம் பணத்தைக் கொடுத்துத் திரும்புகிறார்கள். அந்த அறைகளில் இரத்த அழுத்தமானி ஒன்றுகூட இருப்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

விறைப்பு பெரும்பாலும் இரத்த ஓட்டத்தின் காரியம். குறிக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனி ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் அகலமுடையது. இருதயத்தின் தமனியோ மூன்று, நான்கு மில்லிமீட்டர் இருக்கும். மேலூர்ப் பக்கத்து விவசாயிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: பெரியாற்றுக் கால்வாயில் நீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடைச் சிறு வாய்க்கால்தானே! தமனிச் சுவர் தடித்துக் கொழுப்புப் படியும்போதும் அவ்வாறே நிகழ்கிறது. விறைப்புக் குறைவு கண்ட சில ஆண்டுகளுக்குப் பின் மார்வலி வருவதை வைத்தியர்கள் பலமுறை கண்டிருக்கிறார்கள்.

ஆகவே பரிசோதனையில் முதலிடம் இரத்த அழுத்தத்துக்கே. ஐந்து நிமிஷம் அமைதியாக உட்கார்ந்த பின், கையை இருதய மட்டத்தில் வைத்து அளக்க வேண்டும். தறியிலிருந்து எழுந்து ஓடிவந்தவுடனோ, தேநீர் அருந்திப் பீடி பிடித்தவுடனோ அளந்தால் கணக்குத் தவறும். வெவ்வேறு நாட்களில் 140/90க்குக் குறையாமல் நின்றால் அதைக் குறையென்றே கொள்ளலாம்.

இரண்டாவது சர்க்கரை. இது தமனியைக் கெடுப்பதோடு நரம்பையும் மழுங்கச் செய்வதால், இரண்டு வழியிலும் விறைப்பைக் குறைக்கிறது. வெறும் வயிற்றில் 126க்குக் குறையாமலோ, மூன்று மாதச் சராசரி 6.5 சதவீதத்துக்குக் குறையாமலோ இருந்தால் நீரிழிவு. அத்துடன் இரத்தக் கொழுப்பையும் இடுப்புச் சுற்றளவையும் பார்க்க வேண்டும். நம் நாட்டு ஆணுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டரைத் தாண்டலாகாது.

2021 ஆகஸ்டில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அழுத்தமும் சர்க்கரையும் வீட்டிலேயே பார்க்கப்படுகின்றன. ஆனால் வருவோர் பெண் தன்னார்வலர்கள். அவர்களிடம் இக்குறையைச் சொல்ல நம்மவர் நாணுவது இயல்பே. ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் தனியே சொல்லலாம். தேவையானால் அவர் மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனைக்கு எழுதி அனுப்புவார்.

இனி ஹார்மோன் விஷயம். டெஸ்டோஸ்டெரோன் பரிசோதனை எல்லோருக்கும் ஆண்டுதோறும் தேவையன்று. இச்சையே குன்றுதல், விடியற்கால விறைப்பு நின்றுபோதல், மீசை தாடி குறைதல் போன்ற அறிகுறிகள் இருந்தால்தான் அவசியம். காலை பத்து மணிக்குள், வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க வேண்டும். முதல் நாள் இரவெல்லாம் விழித்து நீர் பாய்ச்சியவரும், காய்ச்சலில் கிடந்து எழுந்தவரும் அன்று கொடுக்கலாகாது. அளவு பொய்யாகக் குறைந்து காட்டும். டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் குறைந்தாலும் ஒரு முறை போதாது. மற்றொரு நாள் காலையிலும் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

உதாரணமாக, 47 வயது நெசவாளர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். மாலையில் எடுத்த இரத்தத்தில் ஹார்மோன் 280. பயந்து ஊசிக்குத் தயாராகிறார். டாக்டரோ முதலில் அழுத்தத்தை அளக்கிறார்: 152/96, மறுவாரமும் ஏறக்குறைய அதுவே. வெறும் வயிற்றுச் சர்க்கரை 148, இடுப்பு 98 சென்டிமீட்டர். காலையில் மீண்டும் எடுத்த ஹார்மோன் 390. இவருக்குக் குறை ஹார்மோனில் இல்லை, அழுத்தத்திலும் சர்க்கரையிலும்தான். ஊசி போட்டிருந்தால் நோய் மறைந்தே வளர்ந்திருக்கும். அன்றியும் டெஸ்டோஸ்டெரோன் ஊசி விந்தணு உற்பத்தியை அடக்கிவிடும். பிள்ளைப்பேறு வேண்டுவோருக்கு அது நேர் விரோதமானது. இதை அறியாமல் ஊசி போட்டுக்கொள்ளும் இளைஞர்களைப் பற்றியே எனக்கு அதிகக் கவலை.

அழுத்தத்துக்கான சில மாத்திரைகளும் விறைப்பைக் குறைப்பதுண்டு. அதற்காகத் தாமாக நிறுத்தலாகாது. டாக்டரிடம் சொன்னால் வேறு மாத்திரை தருவார். விறைப்புக்கான சில்டெனாஃபில் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்குவோர், தாம் மார்வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை உபயோகிப்பவரா என்பதை முதலில் பார்க்க வேண்டும். இவ்விரண்டும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் திடீரென வீழ்ந்து உயிருக்கே ஆபத்தாகும். பரிசோதனைக்குப் போகும்போது தாம் உட்கொள்ளும் மாத்திரை அட்டைகள் யாவற்றையும், லேகியப் புட்டி உட்பட, பையில் போட்டு எடுத்துச் செல்க.