வட்டத்தின் விட்டம் சொல்லும் விடை

மெதிசிலினுக்கு அடங்காத ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமியைக் கண்டறிய மெதிசிலினையே பயன்படுத்துவதில்லை. 30 மைக்ரோகிராம் செஃபாக்சிடின் ஊறிய, 6 மி.மீ. விட்டமுள்ள காகித வில்லையைப் பயன்படுத்துகிறார்கள். ஏன்? எதிர்ப்பாற்றல் தரும் மெக்-ஏ மரபணு சில கிருமிகளில் அடங்கிக் கிடக்கும். செஃபாக்சிடின் அதை நன்கு தூண்டி வெளிப்படுத்துகிறது.

மூலர்-ஹிண்டன் அகார் தட்டில் கிருமியைச் சீராகத் தடவி, வில்லையை வைத்து, 35° செல்சியசுக்கு மேற்படாமல் 16 முதல் 18 மணி நேரம் வைக்க வேண்டும். மருந்து அகாரில் விரவும்போது, வில்லையிலிருந்து விலக விலக அதன் செறிவு குறைகிறது. கிருமியைத் தடுக்கப் போதாத இடத்தில் வளர்ச்சி தொடங்கும். அதற்குள் தெளிந்த வட்டம் தெரியும்.

அமெரிக்க சி.எல்.எஸ்.ஐ. அளவுகோலின்படி, விட்டம் 22 மி.மீ. அல்லது அதற்கு மேலானால் கிருமி மருந்துக்கு அடங்கும். 21 அல்லது அதற்குக் குறைந்தால் அடங்காது.

ஒருவர் வில்லையின் விளிம்பிலிருந்து இருபுறமும் 9 மி.மீ. அளந்து, கூட்டி, 18 என்று எழுதுகிறார் என்று கொள்வோம். முடிவு "அடங்காது". ஆனால் விட்டம் என்பது வில்லையையும் சேர்த்ததே. 18-உடன் 6 சேர்த்தால் 24, கிருமி அடங்கும்! கிருமியை அடர்த்தியாகத் தடவினாலும் வட்டம் சுருங்கி, இதே தவறு நேரும். இரண்டிலும், நோயாளிக்குப் பலன் தரக்கூடிய மருந்து வீணே மறுக்கப்படும்.